கையெழுத்து விற்பனைப் புத்தகத்திலிருந்து வாரச் சுருக்கம்: அந்த 10 எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் எழுதுபொருள் கடையில் அண்ணன் தினசரி விற்பனையைக் கையால் ஒரு புத்தகத்தில் எழுதுகிறார். நாளுக்கு ஒரு பக்கம், அடியில் மொத்தம். நான் அதைப் பார்த்துப் பொருளின் பெயரையும் தொகையையும் கணினியில் ஏற்றி, நாள்வாரியாகப் பொருள் மொத்தமும் வாரச் சுருக்கமும் எடுக்கிறேன். கூட்டல் ஒத்துவருவதே இல்லை. புதன்கிழமை புத்தகத்தில் 1638, எனக்கு 1648. வெள்ளிக்கிழமை புத்தகத்தில் 1992, எனக்கு 2092. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது. 10 தானே என்று விட்டுவிடலாமா? அந்த வாரத்தின் பக்க நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: விடாதீர்கள். உங்கள் நகல்களைப் பார்த்தேன். புதன்கிழமையின் அந்த 10, ஒரு சின்னத் தவறு அல்ல. எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும் இரண்டு பெரிய தவறுகள் போக மீந்தது. ஒன்று தொகையை 90 குறைத்திருக்கிறது, இன்னொன்று 100 கூட்டியிருக்கிறது. இரண்டும் நீங்கள் ஏற்றும்போது நேர்ந்தவை. அண்ணனின் மொத்தம் சரி. வெள்ளிக்கிழமை நிலைமை தலைகீழ்: நீங்கள் ஏற்றியது சரி, அண்ணனின் கூட்டலில்தான் தவறு.

பக்க மொத்தத்தை மட்டும் வைத்துத் தேடினால் இந்த இரண்டையும் பிரித்தறியவே முடியாது. வித்தியாசம் எவ்வளவு என்று மொத்தம் சொல்லும். எந்த வரியில் என்று சொல்லாது. அதனால் சரிபார்ப்பை முதலில் வரியில் தொடங்கி, அப்புறம் பக்கத்துக்கும், கடைசியில் வாரத்துக்கும் போக வேண்டும். வரி ஒத்துவராமல் பக்கத்துக்குப் போகக் கூடாது.

இதற்கு முதலில் ஏற்றும் முறையை மாற்ற வேண்டும். பெயரும் தொகையும் மட்டும் போதாது. அண்ணன் ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை, விலை, தொகை என்று மூன்று எண்கள் எழுதுகிறார். எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் தொகை வர வேண்டும் என்பதால், ஒவ்வொரு வரியும் தன்னைத்தானே சரிபார்க்கக் கூடியது. நீங்கள் மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதால் அந்த வசதி கைவிட்டுப் போய்விட்டது.

எக்ஸெல்லில் `entry` என்று ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். A-யில் தேதி, B-யில் பக்க எண், C-யில் வரி எண், D-யில் பெயர் அண்ணன் எழுதியபடியே, E-யில் நீங்கள் வைக்கும் ஒரே சீரான பெயர், F-ல் எண்ணிக்கை, G-யில் விலை, H-ல் புத்தகத்தில் எழுதியிருக்கும் தொகை. I-ல் கீழே உள்ள சூத்திரம். J குறிப்புக்கு.

```
=F2*G2-H2
```

ஏற்றத் தொடங்கும் முன் பக்கத்தில் எத்தனை வரிகள் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பென்சிலால் எண் போடுங்கள். அடித்த வரிக்கும் எண் உண்டு. அதை ஏற்றும்போது எண்ணிக்கையிலும் தொகையிலும் 0 போட்டு, குறிப்பில் "அடித்தது" என்று எழுதினால் போதும். ஏற்றி முடித்ததும் தாளில் அந்த நாளுக்கு அதே எண்ணிக்கையில் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வரி விட்டுப்போனதும் ஒரே வரி இருமுறை ஏறியதும் இங்கேயே பிடிபடும்.

ஏற்றும்போது எதையும் திருத்தாதீர்கள். தவறாகத் தெரிந்தாலும் H-ல் புத்தகம் சொல்வதுதான் ஏற வேண்டும். படிக்கும் வேலையையும் திருத்தும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்தால், பின்னால் எது அண்ணன் எழுதியது, எது நீங்கள் ஊகித்தது என்று உங்களுக்கே தெரியாது.

இப்போது புதன்கிழமைப் பக்கம். நான் படித்தபடி அது இப்படி இருக்கிறது:

| வரி | எழுதியபடி | எண்ணிக்கை | விலை | தொகை |
|---|---|---|---|---|
| 1 | நோட்டு | 12 | 45 | 540 |
| 2 | பேனா | 20 | 10 | 200 |
| 3 | பென்சில் டஜன் | 2 | 54 | 108 |
| 4 | ஃபைல் | 7 | 30 | 210 |
| 5 | ,, | 4 | 30 | 120 |
| 6 | பெ. நோட்டு | 3 | 80 | 240 |
| 7 | நோட்டு | 6 | 45 | 270 |
| 8 | பேனா தி. | 5 | 10 | 50 |

முதல் வரியில் தொகையின் 5-ம் 4-ம் நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் அதை 450 என்று ஏற்றியிருக்கிறீர்கள். எண்ணிக்கையும் விலையும் உடன் இருந்திருந்தால் 12 × 45 = 540 என்று I-ல் உடனே 90 எட்டிப் பார்த்திருக்கும். நான்காவது வரியிலும் இதே உதவி கிடைக்கிறது. அண்ணனின் 7 பார்ப்பதற்கு 1 போலவே இருக்கிறது; ஆனால் 1 × 30 = 30, தொகை 210. ஆகவே அது 7-தான். 1-7, 4-9, 5-6, 3-8 ஆகிய ஜோடிகள் எல்லாக் கையெழுத்திலும் குழப்பும். உருவத்தை உற்றுப் பார்த்து முடிவு கட்டுவதை விடப் பெருக்கலைக் கேட்பது நல்லது.

ஐந்தாவது வரியின் மேற்படிக் குறிக்கு E-யில் "ஃபைல்" என்று முழுதாக எழுதுங்கள். குறியாகவே விட்டுவிட்டால், நாளை தாளை வேறு வரிசையில் அடுக்கும்போது அது யாருக்கு மேற்படி என்பதே போய்விடும். பக்கத்தின் முதல் வரியிலேயே மேற்படிக் குறி இருந்தால், அது முந்தைய பக்கத்தின் கடைசிப் பொருளைக் குறிக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

எட்டாவது வரிதான் உங்களைக் கவிழ்த்தது. "தி." என்றால் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் 5 பேனாவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் கூட்டும்போது 50-ஐக் கழித்திருக்கிறார், நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள். கழிக்க வேண்டியதைக் கூட்டினால் வித்தியாசம் இரண்டு மடங்காகும், அதாவது 100. இந்த வரியில் எண்ணிக்கை -5, தொகை -50 என்று ஏற்ற வேண்டும். பெருக்கல் சோதனை இதைப் பிடிக்காது என்பதைக் கவனியுங்கள்; 5 × 10 = 50 என்பதும் சரிதானே. இதைப் பிடிப்பது பக்க மொத்தம்தான்.

முதல் வரியைத் திருத்தியதும் உங்கள் மொத்தம் 1648-லிருந்து 1738 ஆகும். வித்தியாசம் 10-லிருந்து 100 ஆகப் பெருகும். இந்த இடத்தில் பலர் பயந்து, செய்த திருத்தத்தையே திரும்ப எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு தவறைச் சரிசெய்ததும் வித்தியாசம் கூடினால், அதுவரை அந்தத் தவறு இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். இப்போதுதான் வித்தியாசம் பேசத் தொடங்குகிறது.

வரிகள் எல்லாம் பெருக்கலில் தேறிய பிறகும் பக்க மொத்தம் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்திடம் சில கேள்விகள் கேட்கலாம். அதே தொகை எந்த வரியிலாவது இருக்கிறதா? இருந்தால் அந்த வரி விட்டுப்போயிருக்கலாம், அல்லது இருமுறை ஏறியிருக்கலாம். வித்தியாசத்தின் பாதி எந்த வரியிலாவது இருக்கிறதா? இருந்தால் கூட்டல் கழித்தல் மாறியிருக்கிறது. புதன்கிழமையின் 100-க்குப் பாதி 50, அது எட்டாவது வரியில் உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? வகுபட்டால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 540-க்கு 450 போட்டால் 90. ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் 9-ஆல் வகுபடும்: 540-க்கு 54 போட்டால் 486, அது 9 × 54. சரியாக 10, 100, 1000 என்று வந்தால், கூட்டும்போது அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எண்ணில் பிசகு.

இவை எங்கே தேடலாம் என்று காட்டும் குறிப்புகள், அவ்வளவுதான். எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒன்று தற்செயலாகவே 9-ஆல் வகுபடும். அதைவிட முக்கியம், பக்கத்தில் ஒரே ஒரு தவறு இருந்தால்தான் இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்கும். உங்கள் பழைய 10-ஐ இந்தக் கேள்விகளிடம் கொடுத்திருந்தால், "அண்ணன் கூட்டும்போது ஒரு 1-ஐ விட்டுவிட்டார்" என்றுதான் பதில் வந்திருக்கும். சரியாக எழுதியிருந்த அவர் மீது பழி விழுந்திருக்கும். வரிச் சோதனை முதலில் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அங்கே ஏழு வரிகள்: 450, 540, 400, 180, 120, 162, 240. ஏழும் பெருக்கலில் தேறுகின்றன. 100 என்றோ 50 என்றோ எந்தத் தொகையும் இல்லை, 100 ஒன்பதால் வகுபடவும் இல்லை. ஆகவே இலக்கம் இலக்கமாகக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றாம் இடத்தில் 2. பத்தாம் இடத்தில் 5, 4, 0, 8, 2, 6, 4 சேர்ந்து 29. 9-ஐப் போட்டு 2-ஐ அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நூறாம் இடத்தில் 18. கொண்டுவந்த 2-உடன் 20. மொத்தம் 2092. அண்ணன் 1-ஐ மட்டும் கொண்டுபோனால் 19 ஆகி 1992 வரும். அவர் எழுதியிருப்பதும் அதுதான்.

இதற்காகப் புத்தகத்தில் 1992-ஐ அழித்து எழுதாதீர்கள். உங்கள் சுருக்கத்தில் "கணக்கிட்ட மொத்தம்" என்றும் "புத்தக மொத்தம்" என்றும் இரண்டு வரிகளை வைத்து இரண்டையும் காட்டுங்கள். எங்கே தவறு என்று ஒரு வரி குறிப்பு போடுங்கள். திருத்துவதானால் அண்ணனே பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புதியதை எழுதட்டும். அன்று இரவு பணத்தை எண்ணிய தொகையை எங்கேயாவது குறித்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். கடனுக்கு விற்றதையும் பெட்டியிலிருந்து செலவழித்ததையும் கணக்கில் எடுத்த பிறகு, பெட்டியில் 100 கூடுதலாக இருந்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்புக்கு இன்னொரு சாட்சி கிடைத்ததாகிவிடும்.

அப்புறம், பொருள்வாரி மொத்தம். இங்கே தொல்லை எண்களில் இல்லை, பெயர்களில்தான். "நோட்டு", "நோட்", "சி. நோட்டு" என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் கணினிக்கு அவை மூன்று பொருள்கள். பெயருக்குப் பின்னால் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டாலும் அது வேறு பொருள். அதனால் E-யில் கையால் தட்டச்சு செய்யாமல், ஒரு நிலையான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். டஜனில் விற்ற பென்சிலையும் ஒற்றையாக விற்ற பென்சிலையும் தனித்தனிப் பொருளாக வையுங்கள். இல்லாவிட்டால் 2 டஜனும் 5 பென்சிலும் சேர்ந்து "7" என்று பொருளே இல்லாத ஓர் எண்ணிக்கை வரும்.

வாரச் சுருக்கம் இன்னொரு தாளில். A நிரலில் பொருட்கள், முதல் வரியில் தேதிகள். B2-வில் இதைப் போட்டு, குறுக்கேயும் கீழேயும் இழுத்துவிடலாம்:

```
=SUMIFS(entry!$H:$H,entry!$E:$E,$A2,entry!$A:$A,B$1)
```

உங்கள் வாரத்துக்கு வரும் விடை இது:

| பொருள் | திங்கள் | செவ்வாய் | புதன் | வியாழன் | வெள்ளி | சனி | வாரம் |
|---|---|---|---|---|---|---|---|
| நோட்டு | 900 | 675 | 810 | 585 | 990 | 1260 | 5220 |
| பெரிய நோட்டு | 160 | 320 | 240 | 80 | 400 | 480 | 1680 |
| பேனா | 250 | 180 | 150 | 210 | 300 | 410 | 1500 |
| பென்சில் டஜன் | 54 | 108 | 108 | 54 | 162 | 216 | 702 |
| ஃபைல் | 150 | 210 | 330 | 120 | 240 | 450 | 1500 |
| கணக்கிட்ட மொத்தம் | 1514 | 1493 | 1638 | 1049 | 2092 | 2816 | 10602 |
| புத்தக மொத்தம் | 1514 | 1493 | 1638 | 1049 | 1992 | 2816 | 10502 |

குறுக்கே கூட்டினாலும் கீழே கூட்டினாலும் 10602 வருகிறது. கையால் போட்ட அட்டவணையில் இது நல்ல சோதனை. கணினியில் போட்ட அட்டவணையில் இதை நம்பி நிற்காதீர்கள். ஒரே கட்டங்களை இரண்டு திசையில் கூட்டினால் ஒத்துவராமல் எப்படிப் போகும்? ஒரு வரி அட்டவணைக்குள் வராமலே போயிருந்தாலும் இரண்டு திசையும் அழகாக ஒத்துப்போகும். உண்மையான சோதனை, அட்டவணையின் நாள் மொத்தத்தை மூல வரிகளின் நாள் மொத்தத்தோடு ஒப்பிடுவது:

```
=SUM(B2:B6)-SUMIFS(entry!$H:$H,entry!$A:$A,B$1)
```

இது 0 வராவிட்டால், ஏதோ ஒரு பெயர் பட்டியலில் இல்லாததாக ஏறியிருக்கிறது. தேதி தவறாக ஏறியிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது புத்தக மொத்தத்தோடு ஒப்பிடும் கடைசி வரி: ஒரு நாளில் குறைந்தது இன்னொரு நாளில் கூடியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பிக்கும் ஒரு தவறு உண்டு. பெரிய நோட்டு வரியை "நோட்டு" என்று ஏற்றிவிட்டால் நாள் மொத்தம், வார மொத்தம் எல்லாம் ஒத்துவரும், பொருள் கணக்கு மட்டும் கெட்டிருக்கும். கூட்டலால் இதைப் பிடிக்க முடியாது, வகுத்தல் பிடிக்கும். மேலே உள்ள சூத்திரத்தில் H-க்குப் பதில் F-ஐப் போட்டு எண்ணிக்கைக்கும் ஓர் அட்டவணை எடுத்து, வாரத் தொகையை வார எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நோட்டு 116 விற்றிருக்கிறது. 5220-ஐ 116-ஆல் வகுத்தால் 45. சரியாக அதன் விலை. ஒரு பெரிய நோட்டு உள்ளே நுழைந்திருந்தால் 45-க்கு மேல் போயிருக்கும். வாரத்தின் நடுவில் விலை மாறியிருந்தாலோ யாருக்காவது தள்ளுபடி கொடுத்திருந்தாலோ இந்த எண் நகரும். அப்போது அந்தப் பொருளின் வரிகளை மட்டும் வடிகட்டி G-யைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

உங்கள் நகல்களில் இல்லை, ஆனாலும் எப்போதாவது வரக்கூடிய இரண்டு விஷயங்கள். விற்பனை அதிகமாகி ஒரு நாள் இரண்டு பக்கத்துக்குப் போனால், இரண்டாம் பக்கத்தின் தலையில் முன் பக்கத்தின் தொகை எழுதப்பட்டிருக்கும். அது விற்பனை வரி அல்ல. அதை ஏற்றினால் முதல் பக்கம் முழுவதும் இருமுறை கணக்கில் வரும். பழைய பாக்கி வசூலான வரி வந்தால், அதுவும் அன்றைய விற்பனை அல்ல. ஆனால் அண்ணன் பக்க மொத்தத்தில் அதைச் சேர்த்திருந்தால் நீங்கள் ஏற்றாமல் விட முடியாது. "பழைய பாக்கி" என்று தனிப் பெயரில் எண்ணிக்கை 1 போட்டு ஏற்றி, அட்டவணையின் அடியில் தனி வரியாக வையுங்கள். பக்கத்தோடு ஒப்பிடும்போது அதைச் சேர்த்தும், விற்பனை மொத்தம் சொல்லும்போது கழித்தும் காட்டுங்கள்.

படிக்கவே முடியாத எண்ணுக்கு ஒரு வழி. வரியின் மூன்று எண்களில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிட்டு, J-யில் "கணக்கிட்டது" என்று குறித்துவிடுங்கள். தொகையும் தெரியாமல் இன்னொரு எண்ணும் தெரியாவிட்டால், பக்க மொத்தத்திலிருந்து மற்ற வரிகளைக் கழித்து அந்தத் தொகையை எடுக்கத் தோன்றும். எடுக்கலாம். ஆனால் அதோடு அந்தப் பக்கத்தின் சோதனை தீர்ந்துவிட்டது. மொத்தத்தை வைத்தே வரியை உண்டாக்கிய பிறகு, அதே மொத்தம் ஒத்துவருகிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த நாளுக்கு நேராக "சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதுங்கள். ஒரே பக்கத்தில் இப்படி இரண்டு வரிகள் இருந்தால் இந்த வழியும் கிடையாது. அண்ணனுக்கு நினைவிருக்கும்போதே, அதாவது அன்றோ மறுநாளோ கேட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் ஆறு பக்கத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காராமல், அன்றன்றைய பக்கத்தை அன்றன்றே ஏற்றச் சொல்வது இதற்காகத்தான்.

வித்தியாசம் தீராத நாளில் "இதர விற்பனை 10" என்று ஒரு வரி சேர்த்துக் கணக்கை மூடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதை ஆரம்பிக்காதீர்கள். தீராததைத் தீராதது என்றே புத்தக மொத்தத்துக்குக் கீழே தனி வரியில் காட்டுங்கள். இந்த வாரத்துக்கு அந்த வரியில் வர வேண்டியது வெள்ளிக்கிழமைக்கு நேராக 100, மற்ற ஐந்து நாளுக்கும் 0. குறிப்பில் "பத்தாம் இடத்தில் 29, கொண்டுபோக வேண்டியது 2, போனது 1".